மதிய உணவில் முட்டை: கமிட்டி முன்னால் என்ன பேசுவது?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கிறேன். ஊர் அறக்கட்டளை நடத்தும் சுயநிதித் தொடக்கப் பள்ளி என்பதால் அரசுச் சத்துணவு எங்களுக்குக் கிடையாது. கமிட்டியே 140 பிள்ளைகளுக்கு மதியம் சோறும் சாம்பாரும் ஒரு பொரியலும் போடுகிறது. ஒரு நாளைக்கு 14 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு. வாரம் இரண்டு முட்டை சேர்க்கச் சொல்லிக் கமிட்டியில் பேச எனக்குக் கால் மணி நேரம் தந்திருக்கிறார்கள். தலைவர் சைவம், பொருளாளர் கணக்குப் பார்ப்பவர், அம்மாக்கள் சிலர் "முட்டை சூடு" என்கிறார்கள். புரதம், வைட்டமின் என்று அட்டவணை போட்டுப் பேசினால் போதுமா? எப்படிப் பேசுவது, எதற்கெல்லாம் தயாராகப் போவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அட்டவணையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் கடிதத்திலேயே அதைவிட வலுவான ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றரைக் கிலோ பருப்பை 140 பேருக்குப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு 11 கிராம்கூட வராது. அரசுப் பள்ளி மதிய உணவுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவு, தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். அரிசியில் நீங்கள் சரியாக இருக்கிறீர்கள். பருப்பில் பாதிதான் இருக்கிறது. 20 கிராம் போட வேண்டுமென்றால் தினமும் 2 கிலோ 800 கிராம் பருப்பு வேண்டும்.

இதைச் சமையல்காரம்மாவின் தவறாகப் பேசிவிடாதீர்கள். பருப்பு விலை ஏறும்போது எல்லாச் சமையலறைகளிலும் முதலில் குறைவது சாம்பாரின் கெட்டிதான். தண்ணீர் சேர்த்தால் அளவு அப்படியே இருக்கும், நிறமும் பெரிதாக மாறாது, கேட்பாரும் இல்லை. இங்கேதான் முட்டையின் பலம் இருக்கிறது. முட்டையைக் கரைக்க முடியாது. தட்டில் இருக்கிறதா இல்லையா என்று ஆறு வயதுப் பிள்ளை பார்த்துச் சொல்லிவிடும். எத்தனை பேர் சாப்பிடுகிறார்களோ அத்தனை முட்டை வேண்டும் என்பதைப் பொருளாளர் எண்ணியே தெரிந்துகொள்ளலாம். உங்கள் பேச்சு முழுவதையும் இந்த ஒரு கருத்தின் மேல் கட்டுங்கள்.

கூட்டத்துக்கு முன்பாக இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, சமையல்காரம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். "அம்மா, இந்தக் கணக்கைக் கமிட்டியில் சொல்லப் போகிறேன், உங்களைக் குறை சொல்லவில்லை, முட்டை வந்தால் உங்களுக்கு எவ்வளவு வேலை கூடும் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கூட்டத்தில் அவர் முகம் சுருங்கிவிட்டால் பாதிக் கமிட்டி அவர் பக்கம் போய்விடும், அது நியாயமும்தான். இரண்டாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு அனுப்புங்கள்: "பள்ளியில் முட்டை கொடுத்தால் உங்கள் பிள்ளைக்குச் சம்மதமா? முன்பு முட்டை சாப்பிட்டு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?" கூட்டத்தில் "எத்தனை பேர் சாப்பிட மாட்டார்கள்?" என்று கேட்டால் கையில் எண்ணிக்கை இருக்க வேண்டும். இங்கே கணக்குக்காக 22 பேர் வேண்டாம் என்றதாகவும் 118 பேர் சம்மதித்ததாகவும் வைத்துக்கொள்கிறேன். சீட்டுகள் வந்ததும் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேசையில் வைக்க மூன்று பொருள்களை எடுத்துப் போங்கள். ஒரே மாதிரி இரண்டு சின்னக் கிண்ணங்கள், ஒன்றில் தராசில் நிறுத்த 20 கிராம் துவரம்பருப்பு, மற்றதில் 11 கிராம். பக்கத்தில் அவித்து உரிக்காத ஒரு முட்டை. கிண்ணங்களைக் கமிட்டியார் கையில் கொடுங்கள். 11 கிராம் என்பது உள்ளங்கையின் குழிக்குள் அடங்கிவிடும் அளவு. அதைக் கையில் வாங்கிப் பார்த்தவரிடம் அட்டவணையைக் காட்டத் தேவையிருக்காது.

பேச்சை ஏறக்குறைய இப்படி அமைக்கலாம். எழுதியதை வாசிக்காமல், எண்களை மட்டும் சீட்டில் குறித்துக்கொண்டு உங்கள் வாய்ப்பேச்சில் சொல்லுங்கள்.

"தலைவர் ஐயாவுக்கும் கமிட்டிப் பெரியவர்களுக்கும் அம்மாக்களுக்கும் வணக்கம். நம்ம பள்ளியில அரசாங்கத்துக் காசு இல்லாமலே 140 பிள்ளைகளுக்குத் தினமும் சோறு போடுறீங்க. அரிசி அளவு சரியா இருக்கு, ஒரு பிள்ளைக்கு 100 கிராம். நான் பேச வந்தது சோத்து மேல ஊத்துற சாம்பாரைப் பத்தி.

இந்த ரெண்டு கிண்ணத்தையும் கொஞ்சம் கையில வாங்கிப் பாருங்க. முதல் கிண்ணத்துல இருக்கிறது ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அரசாங்கம் சொல்ற பருப்பு. ரெண்டாவதுல இருக்கிறது நாம இப்பப் போடுறது. இதுல யாரையும் குத்தம் சொல்லல. பருப்பு விக்கிற விலையில, கமிட்டி கொடுக்கிற காசுக்கு இவ்வளவுதான் முடியும். சமையல்காரம்மா அதுலயே ருசியா வெச்சுக் கொடுக்கிறாங்க.

அரிசிச் சோத்துல இருக்கிற புரதத்துக்கு ஒரு குறை இருக்கு. உடம்பு வளர வேண்டிய லைசின் என்கிற ஒரு சத்து அதுல கம்மி. பருப்புல அது நிறைய இருக்கு. அதனாலதான் நம்ம முன்னோர் சோத்தையும் பருப்பையும் சேர்த்தே சாப்பிட்டாங்க. பருப்பு பாதியாப் போனா சோறு வயித்தை நிரப்பும், வளர்ச்சிக்கு வேண்டியது குறையும். இன்னொரு சத்து, பி12. இரத்தம் ஊறவும் நரம்புக்கும் வேணும். அது அரிசியில இல்ல, பருப்புல இல்ல, காய்கறியிலயும் இல்ல. பால், தயிர், முட்டை, மீன், கறி இதுலதான் இருக்கு. நம்ம மதியச் சாப்பாட்டுல இதுல எதுவும் இப்ப இல்ல.

இந்த ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம் இருக்கு. அதுல லைசின் குறை இல்ல. பி12 இருக்கு, கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ இருக்கு. பருப்பைக் கூட்டினா ஆகாதான்னு பொருளாளர் ஐயா கேக்கலாம். புரதக் கணக்கு மட்டும் பாத்தா பருப்புதான் மலிவு, அதை நான் மறைக்கல. ஆனா ஒரு முட்டையோட புரதத்துக்கு ஈடா இன்னும் 28 கிராம் பருப்பு சேர்க்கணும். அப்ப அது சாம்பாரா இருக்காது, கெட்டிக் கூட்டா ஆயிடும், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையால தின்னு முடிக்க முடியாது. அப்பவும் பி12 வராது. இன்னொண்ணு, பருப்பு விலை ஏறினா அளவு தானா குறையும், நமக்குத் தெரியாது. முட்டை குறைஞ்சா அன்னைக்கே தெரியும்.

பக்கத்து அரசுப் பள்ளிகள்ல இது புதுசு இல்ல. 1989ல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சாங்க. 1998ல வாரம் ஒண்ணு, 2006ல ரெண்டு, 2007ல மூணு, 2010ல இருந்து வாரம் அஞ்சு. ஒரே தெருவுல இருந்து போற அண்ணன் தம்பிகள்ல அங்க படிக்கிறவனுக்கு வாரம் அஞ்சு முட்டை, நம்மகிட்டப் படிக்கிறவனுக்கு ஒண்ணும் இல்ல. நான் அஞ்சு கேக்கல. ரெண்டு கேக்கிறேன். அதையும் எட்டு வாரத்துக்கு மட்டும் நடத்திப் பாக்கலாம்னு கேக்கிறேன்.

வேண்டாம்னு சொன்ன 22 வீட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை கிடையாது, ஆனா அவங்க தட்டும் காலியா இருக்காது. அன்னைக்கு அவங்களுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு கிண்ணம் தயிரும். பாத்திரம் தனி, கரண்டி தனி. மொத்தச் செலவு எட்டு வாரத்துக்கு 18,000 ரூபாய்க்குள்ள. கணக்கை எழுதிக் கொண்டு வந்திருக்கேன்."

இவ்வளவுதான் பேச்சு. ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் கேள்விகளுக்கு வேண்டும், தீர்மானம் முடிவாவது அங்கேதான்.

நீங்கள் சொல்லக் கூடாத சிலவும் உண்டு. "எட்டு வாரத்தில் பிள்ளைகள் எடை கூடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வாரம் இரண்டு முட்டையால் எட்டு வாரத்தில் எடை எந்திரத்தில் தெரியும்படி எதுவும் நடக்காது. நடக்காததை வைத்தே திட்டத்தை நிறுத்திவிடுவார்கள். "இரத்தசோகை போகும்" என்றும் சொல்லாதீர்கள். ஒரு முட்டையில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, அதையும் உடம்பு நன்றாக உறிஞ்சிக்கொள்வதில்லை. ஈக்வடாரில் தினம் ஒரு முட்டை கொடுத்துக் குழந்தைகள் உயரம் கூடியது என்ற ஆய்வு பேச்சுகளில் அடிக்கடி வருகிறது. அது 6 முதல் 9 மாதக் கைக்குழந்தைகளிடம் ஆறு மாதம் நடத்திய ஆய்வு. மலாவியில் பின்னர் அதேபோல் செய்தபோது உயரத்தில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை மேற்கோள் காட்டினால், படித்த உறுப்பினர் ஒருவர் கேட்கும் ஒரே கேள்வியில் உங்கள் மற்ற எல்லாப் பேச்சும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இனிப் பொருளாளருக்கான கணக்கு. ஒரு முட்டை 7 ரூபாய், கொண்டைக்கடலை கிலோ 100, தயிர் லிட்டர் 60 என்று வைத்துப் போட்டிருக்கிறேன். கூட்டத்துக்கு முந்தின நாள் உங்கள் ஊர் விலையை விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

118 பேருக்கு வாரம் இரண்டு முறை என்றால் 236 முட்டை. விரிசல், உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 248. அதாவது முப்பது முட்டை ட்ரே எட்டும், சில்லறையாக எட்டு முட்டையும். 7 ரூபாய்க்கு 1,736 ரூபாய். 22 பேருக்கு ஆளுக்கு 30 கிராம் கடலை, ஒரு நாளைக்கு 660 கிராம், வாரம் இரண்டு நாளுக்கு 132 ரூபாய். ஆளுக்கு 100 மில்லி தயிர், ஒரு நாளைக்கு 2.2 லிட்டர், வாரத்துக்கு 264 ரூபாய். எரிவாயுவுக்கு 100 ரூபாய் ஒதுக்கினால் வாரச் செலவு 2,232. எட்டு வாரத்துக்கு 17,856. ஆண்டுக்கு 40 வாரம் நடத்தினால் 89,280. இதை 140 பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 638 ரூபாய், பத்து மாதத்துக்கு மாதம் 64 ரூபாய்.

பொருளாளர் அடுத்துக் கேட்கப் போவது விலை ஏற்றம். உங்கள் மாவட்டத்தில் முட்டை விலை எப்படி ஆடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புரட்டாசியில் இறங்கும், மார்கழிக் குளிரில் ஏறும். முட்டைக்கு 50 காசு ஏறினால் வாரத்துக்கு 124 ரூபாய், ஆண்டுக்கு 4,960 ரூபாய் கூடும் என்பதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். விலை 8 ரூபாயைத் தாண்டினால் வாரம் ஒரு முட்டையாகக் குறைத்து, இறங்கியதும் இரண்டாக்கலாம் என்ற வழியையும் சேர்த்தே வையுங்கள். எல்லை போட்ட செலவென்றால் கணக்குப் பார்ப்பவர் மறுப்பது கடினம்.

சைவம் பற்றிய கேள்வியை வாதமாக்காதீர்கள். முட்டை சைவமா அசைவமா என்ற பேச்சுக்குள் ஒருமுறை போனால் கால் மணி நேரமும் அதிலேயே கரைந்துவிடும். "சம்மதம் எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்" என்ற ஒரே பதில் போதும். தலைவருக்கு நீங்கள் காட்ட வேண்டியது சமையலறை ஏற்பாடு: முட்டைக்கென்று தனி அண்டா, தனிச் சல்லடைக் கரண்டி, தேய்க்கத் தனி நார், வைக்கத் தனி இடம். அண்டாவின் காதில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் மாறிப்போகாது. மாற்றாக வாழைப்பழம் கொடுத்தால் போதுமே என்று யாராவது சொல்வார்கள், அரசுப் பள்ளிகளிலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் நூறு கிராம் வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராம்தான், பி12 இல்லை. 30 கிராம் கடலையில் முட்டைக்கு ஈடான புரதம் வந்துவிடும், தயிரில் பி12 வந்துவிடும். சைவப் பிள்ளைக்குக் குறைத்துக் கொடுக்கவில்லை என்பதைத் தலைவர் தன் கண்ணால் பார்த்தால் அவருடைய தயக்கத்தில் பெரும்பகுதி போய்விடும்.

கிழமையையும் யோசித்து வையுங்கள். செவ்வாய், வெள்ளி பல வீடுகளில் கவிச்சி இல்லாத நாள். திங்களும் புதனும் பெரும்பாலும் ஒத்துவரும். புரட்டாசியிலும் கார்த்திகையில் மாலை போடும் காலத்திலும் வேண்டாம் என்போர் எண்ணிக்கை கூடும். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தாலும் அப்படித்தான். அந்தந்த மாதத் தொடக்கத்தில் வகுப்பாசிரியர் பெயர்ப் பட்டியலைத் திருத்திக் கொடுத்தால், அதற்கேற்றபடி முட்டையைக் குறைத்தும் கடலையைக் கூட்டியும் வாங்கலாம். இதை நீங்களாகவே சொல்வது, ஊர் வழக்கத்தை அறிந்துதான் திட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று காட்டும்.

"சூடு, கட்டி வரும்" என்கிற அம்மாக்களைக் கூட்டத்தில் மறுத்துப் பேச வேண்டாம். வேனலில் பிள்ளைகளுக்குக் கட்டி வருவதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் வியர்வையும் அழுக்கும் சேர்ந்த தோலில் நுழையும் கிருமி என்பதைப் பிறகு ஆற அமர விளக்கலாம். கூட்டத்தில், "சித்திரை வெயில் நாள்ல வேணாம்னு தோணினா சீட்டுல எழுதிக் கொடுங்க, அந்த மாசம் சுண்டல் தரோம்" என்று சொன்னால் போதும்.

ஒவ்வாமையை மட்டும் லேசாக விடாதீர்கள். முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, சில சமயம் மூச்சுத்திணறல் வரும். சீட்டில் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று வந்த பெயர்கள் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும், அவர்களுக்கு முட்டை தொட்ட கரண்டிகூடக் கூடாது. இதுவரை முட்டையே சாப்பிடாத பிள்ளை முதன்முதலாகப் பள்ளியில் சாப்பிட வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் வீட்டில் நன்றாக வெந்த முட்டையைக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சம்மதச் சீட்டைத் தரச் சொல்லுங்கள். தடிப்போடு மூச்சும் இழுத்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கமிட்டி சம்மதித்த பிறகு திட்டம் கெடுவது பெரும்பாலும் அடுப்படியில்தான். முதல் வாரத்தில் பச்சை வளையம் விழுந்த, நாற்றமடிக்கும் முட்டை தட்டில் விழுந்தால் பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். "பிள்ளைகளுக்கே பிடிக்கவில்லை" என்று அடுத்த கூட்டத்தில் முடித்துவிடுவார்கள். ஆகவே வாங்குவதையும் அவிப்பதையும் சமையல்காரம்மாவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போது தராசில் வைத்துப் பாருங்கள். அக்மார்க் தரத்தில் நடுத்தர முட்டை 45 முதல் 52 கிராம் வரை. ட்ரே எடையைக் கழித்து 30 முட்டை 1,350 கிராமுக்குக் குறைந்தால், இளங்கோழியின் சின்ன முட்டையைக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். அதன் விலை வேறு. வியாபாரியிடம் முதல் நாளே இந்த எடையைச் சொல்லிவிடுங்கள். திங்களுக்கும் புதனுக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அன்றன்று இட்ட முட்டையில் வெள்ளைக்கரு தோலோடு ஒட்டிக்கொண்டு, உரித்தால் பிய்த்துக்கொண்டு வரும். மூன்று நான்கு நாள் ஆனால் சுலபமாக உரியும். வாங்கியதும் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் உள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் துளைகள் வழியே கிருமி உள்ளே போகும். நிழலும் காற்றும் உள்ள இடத்தில், மண்ணெண்ணெய், வெங்காய மூட்டை பக்கத்தில் இல்லாமல், அகன்ற முனை மேலே இருக்கும்படி வையுங்கள். கழுவுவது அடுப்பில் ஏற்றுவதற்குச் சற்று முன்புதான்.

ஒரு நாளைக்கு 118 முட்டையோடு உபரி ஆறு, ஆக 124. அகலமான அண்டாவில் மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் அடுக்குங்கள், மேலே பாரம் ஏறினால் அடியில் உள்ளவை விரிசல் விடும். பச்சைத் தண்ணீரை முட்டைக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி ஊற்றுங்கள். ஊற்றியதும் மிதக்கும் முட்டையை எடுத்து எறிந்துவிட வேண்டும். முட்டை பழசாகும்போது ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாகும், அதனால் மிதக்கும். அடியில் நட்டுக்குத்தலாக நிற்பது கொஞ்சம் பழசு, அவிக்கலாம். படுத்திருப்பது புதுசு. ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டால் எங்காவது விரிசல் விட்டாலும் வெள்ளைக்கரு உடனே உறைந்து ஓட்டையை அடைக்கும்.

பத்தரை மணிக்கு அடுப்பேற்றினால் இவ்வளவுக்கும் கொதி வர அரை மணி நேரம் ஆகலாம். மெல்லச் சூடேறுவதால் கொதி வரும்போதே முட்டை பாதி வெந்திருக்கும். கொதித்த பின் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பச்சை வளையம் வருவது இங்கேதான்: வெள்ளையில் உள்ள கந்தகமும் மஞ்சளில் உள்ள இரும்பும் நேரம் கூடக்கூடச் சேர்ந்து அந்த நிறத்தைத் தரும், கூடவே நாற்றமும் வரும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, பிள்ளைகள்தான் தொடமாட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரிலேயே விட்டுவைத்தாலும் இதே கதி, ஏனென்றால் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். வெந்நீரை உடனே வடித்துப் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆறு கிலோ சூடான முட்டை அந்தத் தண்ணீரையும் சுட வைத்துவிடும் என்பதால் இரண்டு முறை மாற்றுங்கள்.

பதினொன்றரைக்குள் உரிக்கத் தொடங்கலாம். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய இரண்டு பேர், முட்டைக்குக் கால் நிமிடம் என்றால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். உரித்த முட்டையைத் தண்ணீரில் போட்டு வைக்காமல் மூடிய பாத்திரத்தில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாற வேண்டும். உரித்த ஓடுகளை அன்றே குழியில் போட்டு மண் மூடிவிட்டால் "சமையலறையில் வாடை" என்ற புகார் பெரும்பாலும் எழாது. பரிமாறும்போது முழு முட்டையாக, பிள்ளையின் தட்டில் நேராக வையுங்கள். முன்கூட்டியே பாதியாக அறுத்துச் சோற்றில் புதைத்தால் முட்டையை எண்ண முடியாமல் போய்விடும். ஒரு சிட்டிகை உப்பும் மிளகுத்தூளும் போதும்.

அடுப்பின் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வரி: வந்த முட்டை, மிதந்ததும் உடைந்ததும், வருகையில் சம்மதித்த பிள்ளைகள், கொடுத்தது, மீதி, ஒரு அம்மாவின் கையெழுத்து. 124 அவித்து, 3 உடைந்து, அன்று 111 பேர் வந்திருந்தால் மீதி 10. அந்தப் பத்து யாருக்குப் போகிறது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள், பின்னால் பேச்சு எழுவது அதில்தான். சமையல் உதவியாளர்களுக்கு ஆளுக்கு ஒன்று, மீதியை ஐந்தாம் வகுப்பில் முறை வைத்து ஒரு வரிசைக்கு என்று எழுதியே வைத்துவிடலாம். அவித்த முட்டையை மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

எட்டு வாரம் முடிந்து கமிட்டிக்குக் காட்ட வேண்டிய எண்களும் இந்த நோட்டிலிருந்தே வரும்: ஒதுக்கப்பட்ட முட்டை எத்தனை, முட்டை நாளிலும் மற்ற நாளிலும் வருகை எவ்வளவு, வேண்டாம் என்றவர்களில் எத்தனை வீடு பிறகு சம்மதம் தந்தது, முட்டையிலிருந்து சுண்டலுக்கு மாறியவர் எத்தனை, உண்மையில் ஆன செலவு எவ்வளவு.

தீர்மானத்தின் வாசகத்தையும் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். அவசரத்தில் "முட்டை வழங்கலாம் என முடிவு செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால் காசு எங்கிருந்து வரும் என்பதே அதில் இருக்காது. இப்படி இருக்கட்டும்: "எழுத்து மூலம் சம்மதித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் திங்கள், புதன் ஒரு முட்டை வீதமும், மற்றப் பிள்ளைகளுக்கு அதே நாள்களில் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலும் 100 மில்லி தயிரும் எட்டு வாரங்களுக்கு வழங்கவும், இதற்காக உணவு நிதியிலிருந்து 18,000 ரூபாய் ஒதுக்கவும், முட்டை விலை 8 ரூபாயைத் தாண்டினால் வாரம் ஒன்றாகக் குறைக்கவும், ஏற்கெனவே போடும் பருப்பின் அளவைக் குறைக்காமல் இருக்கவும் தீர்மானிக்கப்பட்டது."

அந்தக் கடைசி வரியை யாரும் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "முட்டைதான் வருகிறதே" என்று ஒன்றரைக் கிலோ பருப்பு ஒரு கிலோவாக இறங்கினால், முட்டை இல்லாத மூன்று நாளும் பிள்ளைகளின் தட்டு இப்போதிருப்பதைவிட மோசமாகிவிடும்.